பதிப்பாசிரியர்க்கு எழுதும் முதல் மடல்

ஆய்விதழுக்கு முதன்முறையாகக் கட்டுரை விடுக்கும் இளம் ஆய்வாளர், அதனுடன் பதிப்பாசிரியர்க்கு ஒரு மடலும் வரைதல் வழக்கம். வணக்கமும் வேண்டுகோளும் அமைந்தால் அம்மடல் நிறைவுற்றது எனப் பலர் கருதுவர். கட்டுரையில் இடம்பெறலாகாத செய்திகளுக்கு உரிய இடம் அம்மடலே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று பல இதழ்களில், மதிப்பிடுவோர்க்குக் கட்டுரையாளரின் பெயர் தெரிவிக்கப்படுவதில்லை. ஆதலின் ஆசிரியர் பெயரும், நெறியாளர்க்குக் கூறும் நன்றியும், ‘என் ஆய்வேட்டில் காட்டியுள்ளேன்’ என்பன போன்ற தொடர்களும் கட்டுரையினின்று நீக்கப்படும். அவற்றுள் பதிப்பாசிரியர் அறிய வேண்டியவை மடலில் சென்று அமையும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மாணவர் ஒருவர் குறுந்தொகையின் பாடவேறுபாடுகளை ஆராய்ந்து, தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கினார் என்று கொள்வோம். ‘இக்கட்டுரை குறுந்தொகையின் சிறப்பை ஆராய்கிறது’ என்று அவர் மடலில் எழுதினால், பதிப்பாசிரியர் அதனால் அறிவது யாதுமில்லை. சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் வேறுபடும் இடங்களுள் தாம் எடுத்துக்கொண்டவை எவை, அவற்றால் பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை அவர் இரண்டு தொடர்களில் கூறுதல் வேண்டும். ஏவா வில்டன் சுவடிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட செம்பதிப்புக்கு மேலாகத் தம் கட்டுரை தருவது யாது என்பதையும் சுட்டுதல் வேண்டும். அதனைச் சுட்ட இயலாவிடின், குறை மடலில் இல்லை. கட்டுரையிலேயே உள்ளது என்க.

அடுத்து வேண்டப்படுவது கட்டுரையின் வரலாறு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல ‘சோத்கங்கா’ என்னும் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்குமாறு வைக்கப்பட்டுள்ளன. மாணவரின் ஆய்வேடும் அங்கு இருப்பின், மதிப்பீட்டாளர் கட்டுரையின் பத்திகளை அவ்வாறே அதில் காண நேரலாம். எழுதினவர் யார் என்று அறியாத அவர், இது பிறர் நூலினின்று எடுத்தது என ஐயுறுவார். மடலில், ‘இக்கட்டுரை என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தி எழுதியது, இறுதிப் பகுதி புதிதாகச் சேர்த்தது’ என்று ஒரு தொடர் இருந்தால், பதிப்பாசிரியர் அவ்வையத்தை உடனே தீர்ப்பார். கருத்தரங்கில் படித்து, அதன் தொகுப்பு நூலில் அச்சேறியிருந்தால் அதனையும் மறைத்தலாகாது. வேறோர் இதழின் ஆய்வில் இக்கட்டுரை இல்லை என்னும் உறுதியும் இங்கேயே கூறத்தக்கது.

இறுதியாக, மதிப்பீட்டாளராக அமையத் தகாதவரைக் குறிப்பிடலாம். நெறியாளரும் ஆய்வேட்டைத் தேர்ந்தவரும் கட்டுரையைக் கண்டதும் எழுதினவரை அறிந்துகொள்வர். அவர்களிடம் சென்றால் பெயர் மறைத்தது பயனற்றதாகும். ஆதலின் அவர்தம் பெயர்களைக் காரணத்துடன் சுட்டுவது முறையேயன்றிக் குறையன்று.

இவையனைத்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். பட்டங்களின் பட்டியலும் நெறியாளரின் புகழும் அப்பக்கத்தில் வேண்டப்படுவன அல்ல.