மாதம் எத்தனை பாக்கெட் விற்றால் கையைக் கடிக்காது?

இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை 8,000, கிரைண்டர் கடன் தவணை 4,000, உதவியாளர் சம்பளம் 12,000. ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் மாதம் 24,000 ரூபாய் போய்விடும். இதுதான் நிலையான செலவு.

ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 50 ரூபாய். அதற்கான அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் எல்லாம் 38 ரூபாய். மிச்சம் 12. இந்தப் பன்னிரண்டு ரூபாய்கள் சேர்ந்துதான் அந்த 24,000-ஐ அடைக்க வேண்டும். 24,000-ஐ 12-ஆல் வகுத்தால் 2,000 பாக்கெட். அதுவரை நஷ்டம், 2,001-ஆவது பாக்கெட்டிலிருந்து லாபம்.

போட்டிக்காக விலையை 45 ஆக்கினால்? குறைத்தது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மிச்சம் 7 ரூபாயாகச் சுருங்கிவிடும். இப்போது 3,429 பாக்கெட் விற்றாக வேண்டும். அவ்வளவு அரைக்க அந்த கிரைண்டரால் முடியுமா என்று பார்க்காமல் விலையைக் குறைக்கவே கூடாது.

புளித்து வீணாகும் மாவும் கணக்கைக் கெடுக்கும். விற்காத பாக்கெட் ஒவ்வொன்றும் 38 ரூபாயை விழுங்குகிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாக மூன்று பாக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும். பலர் விட்டுவிடும் இன்னொன்று, முதலாளியின் சொந்த உழைப்புக்கான சம்பளம். அதற்கு 12,000 சேர்த்தால் 50 ரூபாய் விலையிலேயே 3,000 பாக்கெட் தேவை.