மண்ணடுக்குகளும் பாதுகாப்பான மண்குழியும்

மாணவர்களே, வடக்கனந்தல் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. இம்மலையில் மிகுதியாக உள்ளது சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. வெயில், மழை, வேர் ஆகியவற்றால் பாறை மேலிருந்து கீழாகச் சிதைந்து மண்ணாகிறது.

மேல்மண்ணில் இலைதழை மக்குவதால் அது கருமையாக இருக்கும். மழைநீர் நுண்ணிய களியைக் கீழே இறக்குவதால் அடிமண் இறுகும். பாறையிலுள்ள இரும்பு துருவேறிச் செந்நிறம் தரும். அதன்கீழ் பாதி சிதைந்த பாறை, பிறகு முழுப்பாறை.

கோமுகி ஆற்றோரத்தில் கதை வேறு. அங்கே மணல் வரிகளும் உருண்ட கூழாங்கற்களும் தெரிந்தால், அவை வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த அடுக்குகள்.

இதைக் காண ஆசிரியருடன் ஒரு குழி தோண்டலாம். அடியில் குழாயோ மின்கம்பியோ இல்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். நீளம் 1 மீட்டர், அகலம் 60 செ.மீ., ஆழம் 60 செ.மீ. போதும். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடையுள்ளது. ஆழமான குழி சரிந்தால் ஆளை அமுக்கிவிடும். அதற்குக் கீழே பார்க்க மண் துளைப்பானைப் பயன்படுத்துங்கள்.

வெயில் படும் பக்கத்தைச் செங்குத்தாகச் சீவுங்கள். எதிர்ப்பக்கத்தில் படி வெட்டுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கொட்டுங்கள், அருகில் குவித்தால் அதன் பாரமே சுவரைச் சரிக்கும். விளிம்பில் விரிசல் கண்டாலோ, சுவரிலிருந்து மண் உதிர்ந்தாலோ, நீர் கசிந்தாலோ உடனே வெளியேறுங்கள். மழை பெய்த மறுநாள் தோண்ட வேண்டாம்.

மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவியுங்கள். அன்றே அடிமண்ணை முதலில் போட்டு, மேல்மண்ணால் மூடுங்கள். வரிசை மாறினால் அந்த இடத்தில் பயிர் சரியாக வளராது.