விற்றது எந்தக் காயின்?

ஒருவர் ஏப்ரலில் ஒரு கிரிப்டோ காயினை 1,00,000 ரூபாய்க்கு வாங்குகிறார். ஜூனில் அதே வகையில் இன்னொன்றை 2,00,000 ரூபாய்க்கு வாங்குகிறார். அக்டோபரில் ஒன்றை 1,80,000-க்கும் டிசம்பரில் மற்றதை 1,60,000-க்கும் விற்றுவிடுகிறார். போட்டது 3 லட்சம், வந்தது 3,40,000. கையில் நின்ற லாபம் 40,000. ஆனால் வரி எவ்வளவு என்பது, அடக்க விலையை எப்படிக் கணக்கிடுகிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்வது ஃபைஃபோ முறை. அதன்படி அக்டோபர் விற்பனைக்கு அடக்கம் ஒரு லட்சம், லாபம் 80,000. டிசம்பர் விற்பனைக்கு அடக்கம் இரண்டு லட்சம், நஷ்டம் 40,000. சராசரி முறையில் இரண்டு காயினுக்குமே அடக்கம் 1,50,000. லாபம் முதலில் 30,000, அடுத்து 10,000.

ஷேர் வியாபாரமாக இருந்தால் லாபத்தில் நஷ்டத்தைக் கழித்து, இரண்டு வழியிலும் 40,000-க்கே வந்து நின்றிருப்போம். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோவுக்கு இருக்கும் விதி அதை அனுமதிப்பதில்லை. லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வருமான வரிப் படிவத்தின் விடிஏ அட்டவணையில் ஒவ்வொரு விற்பனையும் தனி வரி. நஷ்டம் வந்தால் அங்கே பூஜ்யம்தான். ஆகவே ஃபைஃபோவில் 80,000-க்கு 24,000 ரூபாய், சராசரியில் 40,000-க்கு 12,000 ரூபாய், செஸ் தனி. முதல் கணக்கில் வரி அப்படியே இரட்டிப்பு.

அப்படியானால் சராசரிதான் லாபமா? இல்லை. அதே காயின்களை முதலில் 1,20,000-க்கும் பிறகு 2,60,000-க்கும் விற்றிருந்தால், ஃபைஃபோவில் வரிக்கு உரிய லாபம் 80,000. சராசரியிலோ முதல் விற்பனையில் 30,000 நஷ்டம் காட்டி அது வீணாகும். மீதி 1,10,000-க்கும் வரி.

கிரிப்டோவுக்கு இந்த முறைதான் என்று சட்டம் பெயர் சொல்லவில்லை. டீமேட் ஷேர்களுக்கு ஃபைஃபோவைச் சொல்கிறது. விடிஏ அட்டவணை ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதியையும் கேட்கிறது. சராசரி விலைக்கு ஒரே தேதி ஏது? அதனால் ஃபைஃபோவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. எதை எடுத்தாலும், விற்பனைக்கு விற்பனை சாதகமானதைப் பொறுக்கி மாற்றுவது நோட்டீஸ் வந்தால் நிற்காது.

ஃபைஃபோ பெரும்பாலும் சறுக்குவது, காயினை ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது. புதிய இடத்துக்கு நீங்கள் வாங்கிய விலை தெரியாது. அதன் அறிக்கையில் அடக்கம் பூஜ்யம் என்று இருந்தால், விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிடும். பழைய எக்ஸ்சேஞ்சின் டிரேட் அறிக்கையை, அந்தக் கணக்கை மூடும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.