கார்ப்பெண்டர்ஸ் தட்டுகளுக்கு நடுவே

இங்கிலாந்தில் ஒரு சிறு ஊர். கடைத்தெருவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பழைய இசைத்தட்டுக் கடை. மக்கள் வேண்டாம் என்று கொண்டுவந்து கொடுப்பதைத் துடைத்து, விலை ஒட்டி, விற்று, வரும் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுவார்கள். இப்படிப்பட்ட கடைகள் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. கல்லாவில் இருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. திங்கட்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்த யாரோ ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடையும் அந்தப் பெண்மணியும் நான் கட்டிய கதை. அவர் கையில் அகப்படப்போகும் தட்டு மட்டும் நிஜம்.

பெட்டிக்குள் வழக்கமான சரக்குதான். ஜிம் ரீவ்ஸ், கிறிஸ்துமஸ் பாடல்கள், பித்தளை வாத்தியக் குழுக்கள். அடியில் அறுபது எழுபது சின்னத் தட்டுகள். நம் வீடுகளில் சினிமாப் பாட்டோடு சுற்றிக்கொண்டிருந்ததே, அதே ஏழு அங்குல அளவு. நிமிடத்துக்கு 45 சுற்று. ஆங்கில நாட்டில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு. 'சிங்கிள்' என்பார்கள்.

அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் படிப்பதில்லை. சீட்டுக்கட்டைத் தள்ளுவதுபோல விரலால் தள்ளிக்கொண்டே போவார். கண் தேடுவது பாட்டின் பெயரை அல்ல, தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தை. லேபிள் என்று நாம் சொல்லும் அதை. அதன் நிறமும் சின்னமும் போதும், எந்த நிறுவனம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவார். 'ஏ அண்ட் எம்' லேபிள் வந்தால் விரல் நிற்காது. கார்ப்பெண்டர்ஸ் என்ற அண்ணன்–தங்கை ஜோடியின் மென்மையான பாடல்களை வெளியிட்ட நிறுவனம் அது. எழுபதுகளின் பிரிட்டனில் அவர்கள் தட்டு இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். அதனால் அவற்றுக்கு விலையும் கிடையாது. இந்தப் பெட்டியிலும் மூன்று இருந்தன. நான்காவதும் அதே லேபிள். வெறும் வெள்ளைக் காகித உறை, படம் இல்லை. விரல் அதையும் தாண்டிப் போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது.

லேபிளில் 'காட் சேவ் த குயின்' என்று இருந்தது. கீழே செக்ஸ் பிஸ்டல்ஸ்.

திரும்பி வந்ததற்குக் காரணம் பாட்டு அல்ல. அந்தப் பாட்டு அரிதே இல்லை. 1977 மே 27 அன்று வர்ஜின் நிறுவனம் அதை வெளியிட்டது. அரசி இரண்டாம் எலிசபெத்தின் 25ஆம் ஆண்டு விழாவை நாடே கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. இருந்தும் விழா வாரத்தில் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு. நீல, வெள்ளி நிற உறையில் அரசியின் முகம். கண்ணும் வாயும் கிழித்தெடுத்த எழுத்துகளால் மறைக்கப்பட்டிருக்கும். இந்தக் கடைக்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டு வரும். நல்ல நிலையில் இருந்தால் சில பத்துப் பவுண்டு, அவ்வளவுதான்.

வர்ஜின் வெளியிட்ட பாட்டு ஏ அண்ட் எம் லேபிளில் எப்படி வந்தது? அவரை நிறுத்திய கேள்வி அதுதான். பதில் அந்த வருடம் மார்ச் மாதத்தில் இருக்கிறது.

செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை முதலில் எடுத்தது இ.எம்.ஐ. 1976 டிசம்பர் 1 அன்று மாலை நேரத் தொலைக்காட்சியில் அவர்கள் கெட்ட வார்த்தை பேசப்போய், பெரிய கூச்சலாகி, அடுத்த மாதமே இ.எம்.ஐ. கைகழுவியது. பிறகு வந்தது ஏ அண்ட் எம். 1977 மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேசை போட்டு, பத்திரிகைக்காரர்கள் பார்க்க, ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதன் பிறகு நிறுவனத்தின் அலுவலகத்தில் ரகளை. அடுத்து ஓர் இரவு விடுதியில் அடிதடி. மார்ச் 16 அன்று ஏ அண்ட் எம் குழுவை வெளியேற்றிவிட்டது. ஆறே நாள்.

அந்த ஆறு நாளில் தொழிற்சாலை சும்மா இருக்கவில்லை. முதல் சிங்கிளுக்கான தட்டுகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. சுமார் 25,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வரிசை எண் ஏ.எம்.எஸ். 7284. எதுவும் கடைக்குப் போகவில்லை. அழித்துவிடும்படி உத்தரவு. தப்பியவை நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து வைத்துக்கொண்டவைதான். விற்பனைக்கே வராத தட்டுக்குப் படம் போட்ட உறை எதற்கு? அதனால்தான் அந்த வெறும் காகிதம். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் ஏலம் போன பிரதிகள் உண்டு.

இவ்வளவு பணம் புழங்கினால் போலி வராமல் இருக்குமா? இந்தத் தட்டுக்குப் போலிகள் நெடுநாளாகவே உலவுகின்றன. நம் பெண்மணிக்கு அது தெரியும். அதனால் முதல் ஐந்து நிமிடம் அவர் சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டார். அனுபவசாலிக்கும் ஆர்வக்கோளாறுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

முதலில், தட்டை ஓட்டிப் பார்க்கவில்லை. கடையின் சுழல்மேடையில் தேய்ந்த ஊசி ஒரு முறை ஓடினாலே புதுக் கீறல் விழலாம். இந்த வகைத் தட்டுக்கு ஒரு கீறல் என்பது ஒரு மாதச் சம்பளம். ஓரத்தைப் பிடித்து, மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். லேபிளின் எழுத்து விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டதில் சின்ன எழுத்துகள் கொஞ்சம் தடித்து, உள்வட்டங்கள் அடைத்துக்கொள்ளும். இதில் அப்படி இல்லை. புரட்டினார். இரண்டாம் பக்கம் 'நோ ஃபீலிங்'. அந்த ஆண்டு கடைசியில் வந்த ஆல்பத்தில் அதே பாட்டு 'நோ ஃபீலிங்ஸ்' என்று பன்மையில் இருக்கும். வர்ஜின் சிங்கிளின் பின்பக்கத்திலோ வேறு பாட்டே இருக்கும். ஆக, ஓர் எழுத்துகூட இங்கே சாட்சி.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெட்டியில் இருந்த கார்ப்பெண்டர்ஸ் தட்டுகளை எடுத்தார். ஒன்று 1977ஆம் ஆண்டுத் தட்டு. அதே நிறுவனம், அதே நாடு, அதே வருடம். பத்துப் பென்ஸ்கூடப் பெறாத அது இப்போது அளவுகோல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேபிள் காகிதத்தின் பளபளப்பு, நடுத்துளை வெட்டிய விதம், லேபிளைச் சுற்றி அழுந்தியிருக்கும் வளையம், விளிம்பின் தடிமன் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம் வெவ்வேறு ஆலைகளில் அச்சிடுவது உண்டு. அதனால் சின்ன வித்தியாசம் இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லாமே வேறாக இருந்தால் கதை முடிந்தது. இங்கே ஏறக்குறைய எல்லாம் ஒத்துப்போயின.

கடைசியாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையம். அங்கே ஆலைக்காரர்கள் தங்கள் குறிப்புக்காக எண் பொறித்திருப்பார்கள். தட்டைச் சாய்த்தால்தான் தெரியும். போலி செய்பவர் பின்னாளில் வந்த ஒரு தட்டிலிருந்தோ சி.டி.யிலிருந்தோ ஒலியை எடுத்துப் புதிதாக வெட்டுவார். லேபிளைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர் இந்த வளையத்தில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டார். லேபிளில் உள்ள எண்ணோடு அது பொருந்தியது.

இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது கடைக்காரர் வேலை இல்லை. அசல் பிரதிகளைக் கையில் எடுத்துப் பார்த்த ஏல நிறுவனத்தாரிடம்தான் போக வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது, "இது எங்கிருந்து வந்தது?" என்றுதான்.

அதற்குள் பக்கத்தில் நின்ற இளைஞன் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டான்.

"ஒரு பவுண்டு ஸ்டிக்கர் ஒட்டி நீங்களே வாங்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். அந்தப் பையை எடுத்து வை, மேனேஜரைக் கூப்பிடு."

இப்படிப்பட்ட பல கடைகளில் வேலை செய்பவர்கள் சரக்கு அலமாரிக்குப் போகுமுன் வாங்கக் கூடாது என்று விதியே உண்டு. விதி இல்லாவிட்டாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். என் கதை, என் உரிமை.

பெட்டியின் பக்கவாட்டில் பட்டைக்கோடு அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருந்தது. இந்தக் கதையின் மற்றொரு பாதி அதில்தான். பிரிட்டனில் 'கிஃப்ட் எய்டு' என்று ஓர் ஏற்பாடு. வரி கட்டுபவர் ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்தால் அரசு அதன் மேல் 25 பென்ஸ் அறக்கட்டளைக்குச் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் அது பணத்துக்கு மட்டும், பொருளுக்குக் கிடையாது. அதனால் கடைகள் சட்டப்படி ஒரு வழி கண்டுபிடித்தன. பெட்டியைக் கொடுத்தவர் அதைத் தானமாகக் கொடுக்கவில்லை. தன் சார்பில் விற்றுத் தரச் சொல்கிறார், விற்ற பணத்தைத்தான் நன்கொடையாகத் தருகிறார் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த ஸ்டிக்கர் இருந்தால், தட்டு விற்கும் நிமிடம்வரை கடைக்குச் சொந்தமில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போனவருக்குத்தான் சொந்தம்.

கணினியில் பட்டைக்கோட்டைப் படித்தார்கள். பெயரும் முகவரியும் வந்தன. தொலைபேசியில் எடுத்தவர் ஒரு மகன். அப்பா இறந்து இரண்டு மாதம். எழுபதுகளில் லண்டனில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் கிடங்கில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த நிறுவனம்னு ஞாபகம் இருக்கா?"

"பேரு மறந்துபோச்சு. ஆனா கார்ப்பெண்டர்ஸ் தட்டு மட்டும் வீட்டுக்கு ஓசியில வந்துக்கிட்டே இருக்கும்."

பெண்மணி பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். ஏல நிறுவனத்துக்கு அனுப்பும் உறையில் தட்டோடு அந்தத் தாளும் போகும். தட்டைத் துடைக்கவில்லை, ஈரத்துணி பட்டால் லேபிள் காகிதம் உப்பிவிடும். விலை ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மேலாளர் முன்னிலையில் படமெடுத்து, பெட்டகத்தில் பூட்டினார்கள். மூன்று கார்ப்பெண்டர்ஸ் தட்டுகளையும் கூடவே வைக்கச் சொன்னார் அவர். அதே பெட்டியில் வந்த சகோதரர்கள். சாட்சி சொல்ல உதவும்.

ஏலத்தில் கமிஷன் போகப் பத்தாயிரம் பவுண்டு கையில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். மகன் அந்த ஆண்டு கட்டிய வரி போதுமானதாக இருந்தால், அரசு தரும் 2,500 பவுண்டும் சேர்ந்து அறக்கட்டளைக்கு 12,500 கிடைக்கும். ஆனால் அதற்கு முன் கடை அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும்: உங்கள் தட்டு இவ்வளவுக்கு விற்றது, இந்தப் பணத்தை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் தெரிவியுங்கள். பதில் சொல்ல அவருக்கு 21 நாள் அவகாசம்.