வேலைக்குப் போய்க்கிட்டே சி.ஏ. இன்டர்... கையில் 8 வாரம்தான் இருக்கா? இதோ பிளான்!

டிகிரி முடிச்சு, ஒரு கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவுல வேலை பார்த்துக்கிட்டே டைரக்ட் என்ட்ரியில் சி.ஏ. இன்டருக்குப் பதிவு பண்ணியிருக்கீங்க. பரீட்சைக்கு இன்னும் 8 வாரம். இப்போ எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஒரு விஷயம். இந்த பிளான், மூணு பேப்பரையும் ஒரு தடவையாவது கிளாஸ்லயோ வீடியோவுலயோ பார்த்து முடிச்சவங்களுக்கு. புத்தகத்தையே இன்னும் பிரிக்கலைன்னா, அடுத்த அட்டெம்ப்டுக்குத் தயாராகுறதுதான் சரி. ஜனவரி, மே, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு தடவை இன்டர் பரீட்சை நடப்பதால், காத்திருப்பும் ரொம்ப நீளாது.

உங்ககிட்ட எத்தனை மணி நேரம் இருக்கு?

வார நாளில் காலை 5 மணியில் இருந்து 6.30 வரை, ராத்திரி ஒரு மணி நேரம். ஆக, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை 4, ஞாயிறு ஏழரைன்னு வெச்சா, வாரத்துக்கு 24 மணி நேரம். ஏழு வாரத்துக்கு 168. எட்டாவது வாரம் லீவு போட்டு தினமும் 8 மணி நேரம் படிச்சா, இன்னும் 56. மொத்தம் 224.

ஆனா, அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறவங்களுக்கு இது முழுசா கிடைக்காது. 7-ம் தேதி டி.டி.எஸ். கட்டணும், 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ம் தேதி 3பி. இந்தத் தேதிகளை ஒட்டிய ராத்திரிகள் ஆபீஸுக்குத்தான் போகும். காலண்டர்ல அந்த நாட்களை இப்பவே வட்டம் போட்டு, படிப்பு இல்லைன்னு எழுதிடுங்க. மாச முடிவு வேலையையும் கழிச்சா, சுமார் 200 மணி நேரம் மிஞ்சும்.

இதை ரெண்டு குரூப்புக்கும் பிரிச்சா, பேப்பருக்குச் சுமார் 33 மணி நேரம்தான் வரும். ஒரே குரூப்புன்னா 66. அதனால ஒரு குரூப் மட்டும் எழுதுங்க. இங்கே குரூப் 1-ஐ எடுத்துக்குவோம்: அட்வான்ஸ்டு அக்கவுன்டிங், கார்ப்பரேட் அண்ட் அதர் லாஸ், டாக்ஸேஷன்.

குறி 150

பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை. ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க் வேணும், மூணும் சேர்ந்து 300-க்கு 150-ம் வேணும். மூணுலயும் சரியா 40 எடுத்தா 120, அது ஃபெயில். ஒண்ணுல 80 எடுத்து இன்னொண்ணுல 38 எடுத்தாலும் ஃபெயில். எட்டு வாரமும் எந்த முடிவு எடுத்தாலும், இந்த ரெண்டையும் வெச்சுத்தான் எடுக்கணும்.

வாரம் 1 முதல் 5 வரை: காலையில் கணக்கு, ராத்திரியில் சட்டம்

மூளை புதுசா இருக்கும் காலை நேரம் கணக்குக்கு. முதல் இரண்டரை வாரம் அக்கவுன்டிங், அடுத்த இரண்டரை வாரம் டாக்ஸ். ராத்திரி ஒரு மணி நேரம் அஞ்சு வாரமும் லா மட்டும்: 40 நிமிஷம் படிப்பு, 20 நிமிஷம் ஒரு பதில் எழுதுறது. லாவை மொத்தமா ஒரே வாரத்தில் முடிச்சா, பரீட்சை வரும்போது மறந்திருக்கும். தினமும் கொஞ்சமா போனாத்தான் நிக்கும்.

டாக்ஸ்ல ஒரு வலை இருக்கு. ஜி.எஸ்.டி. தினமும் ஆபீஸ்ல பார்க்கிறதுதானேன்னு நிறைய பேர் அதைத் தள்ளிவிடுறாங்க. கம்பெனி காருக்கு இன்புட் கிரெடிட் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் கிடையாதுன்னுதான் பரீட்சையில் கேட்பாங்க. 17(5) பிரிவு, டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரக்கூடிய வண்டி, டிரைவிங் ஸ்கூல் போன்ற விதிவிலக்கு இதையெல்லாம் எழுதினாத்தான் மார்க். ஆபீஸ்ல சாஃப்ட்வேர் போடுற கணக்கை, இங்கே ஒர்க்கிங் நோட்ஸோட உங்க கை போடணும்.

சீனியர் கொடுத்த பழைய டாக்ஸ் புத்தகம் வேண்டாம். எந்த ஃபைனான்ஸ் ஆக்ட், எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் உங்க அட்டெம்ப்டுக்குப் பொருந்தும்னு இன்ஸ்டிடியூட் வெளியிடும். அதைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

லா பதில் எப்படி எழுதுறது?

ஒரு உதாரணம். 2,400 உறுப்பினர்கள் உள்ள ஒரு பப்ளிக் கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்கு 14 பேர் நேரில் வந்திருக்காங்க, 3 பேர் பிராக்ஸி அனுப்பியிருக்காங்க. கோரம் இருக்கா?

'17 பேர் இருக்காங்க, கோரம் இருக்கு'ன்னு எழுதினா தப்பு. 'கோரம் இல்லை'ன்னு ஒரு வரி எழுதினா, விடை சரி, ஆனா மார்க் குறைவு. மூணு படியா எழுதுங்க. முதலில் சட்டம்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 103-படி, உறுப்பினர்கள் 1,000-க்கு மேல் 5,000 வரை இருந்தா 15 பேர் நேரில் இருக்கணும்; ஆர்ட்டிகிள்ஸ்ல அதிகமா கேட்டிருந்தா அந்த எண்ணிக்கை. அடுத்து, கேள்வியில் உள்ள நிலவரம்: நேரில் 14 பேர்தான், பிராக்ஸி கணக்கில் வராது. கடைசியா முடிவு: கோரம் இல்லை, அரை மணி நேரத்துக்குள் கோரம் சேரலைன்னா, கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். பிரிவு எண் சந்தேகமா இருந்தா எண்ணை விட்டுட்டு விதியை மட்டும் எழுதுங்க.

வாரம் 6: மாக் டெஸ்ட்

இன்ஸ்டிடியூட் இலவசமா தரும் எம்.டி.பி.யை எடுத்து, அஞ்சாவது வார ஞாயிறு, ஆறாவது வார சனி, ஞாயிறு என மூணு பேப்பரையும் மதியம் 2 முதல் 5 வரை எழுதுங்க. ஒவ்வொரு பேப்பரிலும் 30 மார்க் எம்.சி.க்யூ., 70 மார்க் விரிவான பதில். 180 நிமிஷத்துக்கு 100 மார்க்னா, 14 மார்க் கேள்விக்கு 25 நிமிஷம்தான். இன்டர் எம்.சி.க்யூ.வில் நெகட்டிவ் மார்க் இல்லை. ஒண்ணையும் காலியா விடாதீங்க.

வாரம் 7: எதைச் சரிசெய்வது?

மாக்ல அக்கவுன்டிங் 52, லா 36, டாக்ஸ் 56 வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 144. இன்னும் 6 மார்க்தானேன்னு, பிடிச்ச அக்கவுன்டிங்கை 70-க்குக் கொண்டுபோனா, மொத்தம் 162 வரும். ஆனா லா 36-லயே நிக்குது, ரிசல்ட் ஃபெயில். அதுவே லாவை மட்டும் 45 ஆக்கினா, மொத்தம் 153. ரெண்டு நிபந்தனையும் ஒரே அடியில் தீரும்.

அந்த 36 ஏன் வந்ததுன்னு பேப்பரைத் திருப்பிப் பாருங்க. ஒரு 14 மார்க் கேள்வியைத் தொடவே நேரம் இல்லையா? அப்போ பிரச்னை வேகம். கடிகாரம் வெச்சு எழுதிப் பழகணும். எல்லாம் எழுதியும் பாதி மார்க்தானா? அப்போ சட்டத்தைச் சொல்லாம முடிவுக்குத் தாவியிருக்கீங்க. விதியே தெரியலைன்னா மட்டும் மறுபடி படிங்க.

வாரம் 8: தலைகீழா படிங்க

முதல்ல டாக்ஸ், அப்புறம் லா, கடைசியா அக்கவுன்டிங். முதல் பரீட்சை அக்கவுன்டிங் என்பதால், அது மனசுல புதுசா இருக்கணும். லாவுக்கும் டாக்ஸுக்கும் முன்னாடி கிடைக்கும் இடைவெளி நாள்ல அதைத் திருப்பிப் பார்த்துக்கலாம். லீவு விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுங்க. முழு வாரமும் கிடைக்கலைன்னா, பரீட்சை நாட்களையும் நடுவில் வரும் இடைவெளி நாட்களையும் முதலில் கேட்டு வாங்குங்க.

முதல் பேப்பர் சொதப்பினாலும், மீதி ரெண்டுக்கும் போயே ஆகணும். குரூப் ஃபெயில் ஆனாலும், ஒரு பேப்பர்ல 60 எடுத்திருந்தா அடுத்த மூணு அட்டெம்ப்டுக்கு அந்தப் பேப்பருக்கு எக்ஸம்ப்ஷன் உண்டு. ஆனா, குரூப்ல எல்லா பேப்பரையும் எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும்.