உங்க படத்தைப் போடலாமா?

1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். 'புலம்பெயர்ந்த தாய்' என்ற அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று லாங்கேவே பின்னாளில் எழுதினார். அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது. படத்தை விற்க மாட்டேன், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று லாங்கே சொன்னதாகவும், பிரதி வரவேயில்லை என்றும் தாம்ப்சன் குறைபட்டார். அரசுப் பணிக்காக எடுத்த படம் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், சட்டத்தில் தடையில்லை. அவருடைய மனக்குறையோ தீரவில்லை.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தில் இருப்பவரும் படத்துக்கு உரியவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கு. ஆக, கேட்க வேண்டிய இடம் இரண்டு.

திருபுவனத்துப் பட்டு நெசவாளர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். தறியில் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்தது அவர் மகன். நிருபர் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். நேற்று நீங்கள் பேசியதில் கீழே உள்ள இரண்டு வரிகளையும், தறிப் படத்தையும் எங்கள் பிப்ரவரி இதழில், பட்டு நெசவு பற்றிய கட்டுரையில் மட்டும் போட விரும்புகிறோம். அட்டையிலோ விளம்பரத்திலோ வராது. உங்கள் பெயரும் ஊரும், 'படம்:' என்று உங்கள் மகன் பெயரும் இருக்கும். அவரிடமும் தனியாகக் கேட்கிறோம். 20-ம் தேதி அச்சுக்குப் போகிறது. 17-ம் தேதி மாலைக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் போட மாட்டோம்."

இதில் 'மட்டும்' என்ற சொல்தான் முக்கியம். கட்டுரைக்குத் தந்த சம்மதம், அடுத்த மாதச் சந்தா விளம்பரத்துக்குச் செல்லாது. திரும்பக் கேட்க வேண்டும். வரிகளை அப்படியே அனுப்புவதும் வெறும் மரியாதைக்கல்ல. நெசவாளர் "அது கூலிக்காரங்க பேச்சு, என் பேச்சில்ல" என்று சொல்லத் தவறு அங்கேயே பிடிபடும்.

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் அவர் படித்துவிட்டார், அவ்வளவுதான். சம்மதம் என்று எண்ணிக்கொள்வது அவசரக்காரர்களின் கணக்கு. 17-க்கும் 20-க்கும் நடுவே மூன்று நாள் விட்டதும் இதற்காகத்தான்: 'வேண்டாம்' என்று வந்தால், லே-அவுட் கலைஞர் அந்தக் கட்டத்தில் ஆளில்லாத தறியின் படத்தை வைக்க நேரம் கிடைக்கும்.