காலுக்குப் போக வேண்டிய ரத்தம் மூச்சுக்குப் போனால்?

நுரையீரல் தானாக விரியாது. அதை இழுத்து விரிக்கும் தசை அதற்குள் கிடையாது. அந்த வேலையைச் செய்வது நெஞ்சுக்கூட்டின் அடியில், குவிமாடம் போலிருக்கும் உதரவிதானம். இந்தத் தசை சுருங்கும்போது கீழே இறங்கித் தட்டையாகிறது. நெஞ்சுக்குள் இடம் கூடி அழுத்தம் குறைவதால் காற்று தானே உள்ளே வருகிறது. வயிற்று உறுப்புகள் கீழே தள்ளப்படுவதால்தான் அப்போது வயிறு உப்புகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே போதும். ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று கிடைத்துவிடும். ஆழமாக இழுத்தால் அது பல சென்டிமீட்டர் இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளித் தசைகளும் சேர்ந்து விலாக்களை மேலேயும் பக்கவாட்டிலும் தூக்கும். மூச்சை விடுவதற்குச் சாதாரணமாகத் தசை எதுவும் உழைக்க வேண்டியதில்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது அதற்கெல்லாம் நேரமில்லை. உள் விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் காற்றை அழுத்தி வெளியேற்றுகின்றன.

ஓய்வில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டராக இருக்கும் காற்றோட்டம், கடும் உழைப்பில் நூறு லிட்டரைத் தாண்டும். இவ்வளவு காற்றை இறைக்கும் தசைகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஓய்வில் அந்தச் செலவு மிகச் சொற்பம். உச்ச உழைப்பிலோ, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்கையும் அதற்கு மேலும் அவை எடுத்துக்கொள்கின்றன.

இதனால் யாருக்கு இழப்பு? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்ஸி குழுவினர் 1990களில் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் முழு வேகத்தில் மிதிக்கும்போது, செயற்கைச் சுவாசக் கருவி அவர்களின் மூச்சு வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. உடனே கால்களுக்குப் போகும் ரத்தம் கூடியது. மூச்சு இழுப்பதைக் கடினமாக்கியபோது அது குறைந்தது. அடுத்து வந்த சோதனையில், கருவியின் துணை கிடைத்தவர்கள் சராசரியாக 14 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

உதரவிதானம் களைக்கும்போது அங்கிருந்து மூளைத்தண்டுக்கு நரம்புச் செய்தி போகிறது. அதன் விளைவாகக் கால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவுக்கு இருக்கும். ஆனால் அந்த ரத்தத்தில் கால்களின் பங்கு குறைந்துவிடுகிறது.

களைப்பு உண்மைதானா என்பதையும் அளக்கலாம். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாய்களை வைத்து, கழுத்தில் உதரவிதான நரம்பைத் தூண்டுவார்கள். உழைப்புக்கு முன் இருந்ததைவிட அழுத்தம் குறைந்திருந்தால் தசை களைத்திருக்கிறது என்று பொருள்.

இந்த நிலை உச்சத் திறனில் சுமார் 85 சதவீதத்துக்கு மேல், களைத்து விழும்வரை உழைப்பவர்களுக்கே வரும். சமதரையில் மெதுவாக நடக்கும்போதே மூச்சு வாங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். அவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.